விதை எண்ணிலிருந்து ஒரு நிலம்

டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 1984-இல் பிபிசி மைக்ரோ கணினிக்காக எழுதிய ‘எலீட்’ விளையாட்டில் எட்டு விண்மீன் மண்டலங்கள் உண்டு. மண்டலத்துக்கு 256 உலகங்கள். ஒவ்வோர் உலகத்துக்கும் பெயர், இருப்பிடம், ஆட்சி முறை, வணிகச் சரக்கு என்று தனித்தனி விவரங்கள். அந்தக் கணினியின் நினைவகமோ 32 கிலோபைட்தான். 2,048 உலகங்களின் விவரத்தை அதில் எழுதி வைக்க இடமே இல்லை. அதனால் அவர்கள் எழுதி வைக்கவில்லை. மூன்று 16-பிட் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றைக் கூட்டிச் சுழற்றி அடுத்த மூன்று எண்களைப் பெற்றார்கள். அந்த எண்களின் பிட்டுகளிலிருந்தே ஓர் உலகத்தின் பெயரும் விவரமும் கிடைத்தன. மீண்டும் சுழற்றினால் அடுத்த உலகம். தொடங்கும் எண்கள் மாறாதவரை, யார் எந்தக் கணினியில் ஓட்டினாலும் அதே 2,048 உலகங்கள்தான் வரும்.

அந்தத் தொடக்க எண்ணைத்தான் இந்த நூலில் விதை எண் என்கிறோம். விளையாடுபவர்கள் ‘சீட்’ என்பார்கள். மைன்கிராஃப்டில் உங்கள் நண்பர் ஒரு சீட் எண்ணை அனுப்புகிறார், நீங்கள் அதைத் தட்டச்சு செய்கிறீர்கள், அவர் நின்ற அதே மலையடிவாரத்தில் நீங்களும் நிற்கிறீர்கள். மேப் எதுவும் கோப்பாக வந்து சேரவில்லை. எண் மட்டுமே வந்தது. இந்த அத்தியாயத்தில் அப்படி ஓர் உலகத்தைப் பைத்தானில் கட்டுவோம். குறைந்த வரிகளில் முடியும். ஆனால் ‘அதே எண், அதே மேப்’ என்ற உறுதியை எங்கெங்கே கைவிட நேர்கிறது என்பதுதான் கற்க வேண்டிய பகுதி. பெரும்பாலான இடத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

வரிசை அல்ல, இடம்

எலீட்டின் முறை ஒரு வரிசை. நூறாவது உலகம் வேண்டுமென்றால் முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சுழற்றிக்கொண்டே போக வேண்டும். 256 மட்டும் என்பதால் அங்கே இது பொருந்தியது. எல்லையில்லாத நிலத்துக்கு இது பொருந்தாது. தொடக்கத்தில் எல்லோரும் எழுதிப் பார்க்கும் நிரல் இப்படித்தான் இருக்கும்: `random.seed(42)` என்று ஒருமுறை அழைத்துவிட்டு, ஆட்டக்காரர் நடக்க நடக்க, புதிதாகத் தெரியும் ஒவ்வொரு டைலுக்கும் `random.random()` கேட்பது. ஆட்டக்காரர் முதலில் கிழக்கே போனால் கிழக்கு நிலத்துக்கு முதல் எண்கள் போகும். மேற்கே போனால் மேற்குக்குப் போகும். விதை ஒன்றே, ஆனால் நடந்த வழி வேறு என்பதால் மேப்பும் வேறாகிவிடும். நடுவில் யாரோ ஒரு முயலின் துள்ளலுக்கு அதே `random`-இலிருந்து ஓர் எண்ணை எடுத்துவிட்டால், அதற்குப் பின் வரும் எல்லாம் ஓர் இடம் தள்ளிப்போகும்.

ஆகவே விதி இதுதான்: ஒரு டைலின் தன்மை விதை எண்ணையும் அந்த டைலின் x, y ஆயங்களையும் மட்டுமே சார்ந்திருக்க வேண்டும். எத்தனையாவதாகக் கேட்டோம், அதற்கு முன் எதைக் கேட்டோம் என்பதற்கு அதில் பங்கே இருக்கக் கூடாது. இதற்குத் தேவை எண்களை வரிசையாகத் தரும் கருவி அல்ல. மூன்று எண்களை வாங்கிக் குழைத்து ஒரே எண்ணாகத் திருப்பித் தரும் ஹேஷ் சார்பு.

```python
M = 0xFFFFFFFF

def mix(seed, x, y):
    n = (seed + x * 374761393 + y * 668265263) & M
    n = ((n ^ (n >> 13)) * 1274126177) & M
    return n ^ (n >> 16)

def rnd(seed, x, y):
    return mix(seed, x, y) / 4294967296
```

`mix`-இல் பெருக்கப் பயன்படும் பெரிய எண்களெல்லாம் ஒற்றைப்படை எண்கள். பெருக்கும்போது பிட்டுகள் தொலையாமல் இடம் மாறுவதற்கு அது முக்கியம். `& M` என்பது விடையை 32 பிட்டுக்குள் அடைக்கிறது. `>>` நகர்த்தலும் `^` செயலும் மேல் பிட்டுகளைக் கீழ் பிட்டுகளோடு கலக்கின்றன. `rnd` அந்த எண்ணை 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட பின்னமாக்குகிறது.

சொல்லிலிருந்து விதை

ஆட்டக்காரர்கள் எண்ணைவிடச் சொல்லையே விரும்புவார்கள். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு, எண்ணாக இல்லாத சீட்டை ஜாவாவின் `hashCode` வழியே எண்ணாக்குகிறது. அது 32 பிட் எண். ஆட்டத்தின் விதைக்கு 64 பிட் இடமிருந்தும், சொல் வழியே சென்றால் 429 கோடி உலகங்களுக்கு மேல் எட்ட முடியாது. நமக்கு அது தாராளம். அதே முறையை எடுத்துக்கொள்வோம். இதுவரையுள்ள எண்ணை 31-ஆல் பெருக்கி, அடுத்த எழுத்தின் குறியெண்ணைக் கூட்டு. அவ்வளவுதான்.

```python
import unicodedata

def text_seed(text):
    n = 0
    for ch in unicodedata.normalize("NFC", text.strip()):
        n = (n * 31 + ord(ch)) & M
    return n
```

`malai` என்று கொடுத்துக் கையாலேயே போட்டுப் பாருங்கள். m-இன் குறியெண் 109. அதை 31-ஆல் பெருக்கி a-வின் 97-ஐக் கூட்டினால் 3,476. அடுத்து l, 108: 107,864. மறுபடி a: 3,343,881. கடைசியில் i, 105: 103,660,416. இந்த அத்தியாயம் முழுவதும் நம் விதை எண் இதுதான்.

பைத்தானில் `hash("malai")` என்று எழுதினால் ஒரே வரியில் முடிந்துவிடுமே என்று தோன்றும். எழுதாதீர்கள். பாதுகாப்புக் காரணத்துக்காக 3.3 பதிப்பு முதல் பைத்தான் அந்த மதிப்பை ஒவ்வொரு முறை ஓடும்போதும் மாற்றுகிறது. நிரலை மூடாமல் சோதித்துக்கொண்டிருக்கும்வரை எல்லாம் சரியாகத் தெரியும். மறுநாள் திறந்தால் வேறு உலகம்.

`normalize` என்ற அழைப்பு தமிழில் சீட் கொடுப்பவர்களுக்காக. ‘கோட்டை’ என்ற சொல்லில் உள்ள கோ-வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வை அடுத்து U+0BCB என்ற ஒரே குறி வரலாம். அல்லது U+0BC7, U+0BBE என்று இரட்டைச்சுழியும் காலும் தனித்தனியாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எது வரும் என்பது விசைப்பலகையைப் பொறுத்தது. சரிசெய்யாமல் விட்டால், ஒரே சொல்லைத் தட்டிய இரண்டு பேருக்கும் இரண்டு வெவ்வேறு நிலங்கள் கிடைக்கும். ஏன் என்று இருவருக்குமே புரியாது. NFC வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். கொ, கௌ ஆகியவற்றுக்கும் இதே கதைதான்.

எண்ணிலிருந்து மேடு பள்ளம்

ஒவ்வொரு டைலுக்கும் `rnd` மதிப்பையே உயரமாக வைத்தால் கிடைப்பது நிலம் அல்ல, புள்ளிச் சிதறல். ஒரு டைல் மலையுச்சி, அடுத்தது கடல், அதற்கடுத்தது மறுபடி மலை. பக்கத்துப் பக்கத்து இடங்களின் உயரம் ஒன்றையொன்று ஒட்டி இருக்க வேண்டும். இந்தச் சிக்கலுக்கு நல்ல தீர்வு தந்தவர் கென் பெர்லின். ‘ட்ரான்’ படத்துக்காகக் கணினி வரைகலையில் வேலை செய்தவர், எல்லாம் இயந்திரத்தனமாகப் பளபளவென்று தெரிவதில் நிறைவில்லாமல் 1983-இல் தம் நாய்ஸ் முறையை உருவாக்கினார். 1985-இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. 1997-இல் அதற்காக ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது.

நாம் அதன் எளிய உறவுமுறையான மதிப்பு நாய்ஸை எழுதுவோம். நிலத்தின் மேல் பெரிய கட்டங்கள் கொண்ட ஒரு வலையை விரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்தின் மூலைகளில் மட்டும் `rnd` மதிப்பு. உள்ளே இருக்கும் டைல்களுக்கு நான்கு மூலைகளின் மதிப்பையும் தூரத்துக்கேற்பக் கலந்து கொடுக்கிறோம்.

```python
def noise(seed, px, py, cell):
    x0, tx = px // cell, (px % cell) / cell
    y0, ty = py // cell, (py % cell) / cell
    tx = tx * tx * (3 - 2 * tx)
    ty = ty * ty * (3 - 2 * ty)
    a, b = rnd(seed, x0, y0), rnd(seed, x0 + 1, y0)
    c, d = rnd(seed, x0, y0 + 1), rnd(seed, x0 + 1, y0 + 1)
    top = a + (b - a) * tx
    bot = c + (d - c) * tx
    return top + (bot - top) * ty
```

ஒரு டைலை எடுத்து முழுக்கக் கணக்கிடுவோம். விதை 103660416, கட்டத்தின் அளவு 16, டைல் (4, 12). 4-ஐயும் 12-ஐயும் 16-ஆல் வகுத்தால் ஈவு 0. ஆகவே இது முதல் கட்டத்துக்குள் இருக்கிறது. அதன் நான்கு மூலைகளுக்கு `rnd` தரும் மதிப்புகள்: (0, 0)-க்கு 0.8463, (1, 0)-க்கு 0.3594, (0, 1)-க்கு 0.4567, (1, 1)-க்கு 0.7869.

கட்டத்துக்குள் நம் டைல் x திசையில் கால் பங்கும் y திசையில் முக்கால் பங்கும் தள்ளி நிற்கிறது. 0.25, 0.75 என்ற இந்தப் பங்குகளை அப்படியே பயன்படுத்தினால் கட்டத்தின் விளிம்புகளில் சரிவு சட்டென்று முறியும். நிலத்தில் நேர்க்கோட்டு மடிப்புகள் தெரியும். `t*t*(3-2*t)` என்ற வளைவு விளிம்பருகே சரிவைச் சுழியமாக்கி அந்த மடிப்பை நீக்குகிறது. அதன்படி 0.25 என்பது 0.15625 ஆகிறது, 0.75 என்பது 0.84375 ஆகிறது. இனி மேல் விளிம்பில் 0.8463-இலிருந்து 0.3594-ஐ நோக்கி 0.15625 பங்கு நகர்ந்தால் 0.7702. கீழ் விளிம்பில் 0.4567-இலிருந்து 0.7869-ஐ நோக்கி அதே பங்கு நகர்ந்தால் 0.5083. இந்த இரண்டுக்கும் இடையே 0.84375 பங்கு இறங்கினால் 0.549. உங்கள் நிரல் இந்த டைலுக்கு 0.549 தராவிட்டால் அங்கேயே நின்று பிழையைத் தேடுங்கள். மேலே போக வேண்டாம்.

இதே நிரலை ஜாவாஸ்கிரிப்டில் எழுதுபவர்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம் தேவைப்படும். (1, 0) மூலையைக் கணக்கிடும்போது நடுவில் வரும் பெருக்கல் விடை 609,623,201,361,845,520. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்கள் முழு எண்களைத் துல்லியமாகப் பிடித்து வைப்பது சுமார் 9,007 லட்சம் கோடி வரைதான். அதற்கு மேல் கடைசி இலக்கங்கள் சிதறிவிடும். நமக்கு வேண்டிய 32 பிட்டுகளோ கடைசியில்தான் இருக்கின்றன. நிலம் ஏதோ ஒன்று வரும், பார்க்க நன்றாகவும் இருக்கும். ஆனால் பைத்தான் தந்த நிலமாக இருக்காது. `*` குறிக்குப் பதில் `Math.imul`-ஐயும், வலப்பக்க நகர்த்தல்களுக்குக் குறியற்ற `>>>`-ஐயும் பயன்படுத்தி, முடிவில் `>>> 0` போட்டால் சரியாகிவிடும்.

இன்னொரு பொறி எதிர்மறை ஆயங்களில் இருக்கிறது. பைத்தானில் `-5 // 16` என்பது -1. சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்டின் `Math.trunc` ஆகியவற்றில் அது 0. அப்படியானால் -15 முதல் 15 வரை எல்லா டைல்களும் ஒரே கட்டத்தில் விழும், மீதியும் எதிர்மறையாகும். உலகத்தின் நடுவே, x சுழியமாகும் இடத்தில், வடக்கு தெற்காக ஒரு செயற்கையான பட்டை ஓடினால் காரணம் இதுதான். y அச்சிலும் அதேபோல் ஒன்று இருக்கும். அந்த மொழிகளில் கீழ்நோக்கி வகுக்கும் வகுத்தலை, அதாவது `Math.floor` அல்லது ஜாவாவின் `Math.floorDiv`-ஐ, கேட்டு வாங்க வேண்டும்.

அடுக்குகளும் கிளை விதைகளும்

ஒரே கட்ட அளவில் எழுதிய நிலம் குமிழ் குமிழாக இருக்கும். உண்மையான நிலத்தில் பெரிய மலை, அதன் மேல் சிறு குன்று, அதன் மேல் பாறை மேடு என்று பல அளவுகள் கலந்திருக்கின்றன. அதனால் 64, 32, 16, 8 என்று கட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே நான்கு முறை நாய்ஸ் எடுத்து, ஒவ்வொரு முறையும் எடையைப் பாதியாக்கிக் கூட்டுகிறோம். இவற்றை ஆக்டேவ் என்பார்கள். எடைகள் 1, 0.5, 0.25, 0.125, கூட்டினால் 1.875.

```python
def height(world_seed, px, py):
    total, weight, cell = 0.0, 1.0, 64
    for k in range(4):
        s = mix(world_seed, k, 1001)
        total += weight * noise(s, px, py, cell)
        weight /= 2
        cell //= 2
    return total / 1.875
```

`s = mix(world_seed, k, 1001)` என்ற வரியைக் கவனியுங்கள். அடுக்குகள் நான்குக்கும் ஒரே விதையைக் கொடுத்தால், (0, 0) என்ற இடத்தில் எல்லா அடுக்குகளுக்கும் ஒரே மூலை, ஒரே மதிப்பு. நம் விதையில் அது 0.8463, நான்கும் ஒன்றுகூடி அங்கே எப்போதும் ஒரு மலையை எழுப்பும். ஆட்டக்காரர் பொதுவாகத் தொடங்கும் இடமும் அதுதான். ‘ஏன் எல்லா உலகமும் உச்சியிலோ பள்ளத்திலோ தொடங்குகிறது?’ என்று கேள்வி வந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

விதையோடு 1, 2, 3 என்று கூட்டினால் போதாதா? நம் `mix` சிறியது. அதற்கு அது போதாது. 103660416-க்கு (0, 0)-இல் 0.8463 வந்தது; 103660417-க்கு 0.5497 வருகிறது. வேறு எண்தானே என்று தோன்றும். ஆனால் வேறுபாடான 0.2966 என்பது 1274126177-ஐ 4294967296-ஆல் வகுத்தால் வரும் எண்ணேதான். அதாவது பக்கத்து விதைகளின் மதிப்புகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை அல்ல. பெருக்கும் எண்ணின் மடங்குகளாக நகர்ந்தவை. `mix` கொண்டே ஒருமுறை குழைத்துப் பெற்ற கிளை விதையைக் கொடுத்தால் இந்த ஒட்டுறவு அறுந்துவிடும். ஆகவே ஆட்டக்காரர் கொடுத்த விதையை நேரடியாக எந்த நாய்ஸுக்கும் கொடுக்காமல் இருப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உயரத்துக்கு 1001, ஈரப்பதத்துக்கு 1002, மரத்துக்கு 1003 என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் வைத்துக் கிளை விதை எடுங்கள். இதில் இன்னொரு பயனும் உண்டு. பிற்பாடு 1004 என்று கனிமங்களைச் சேர்த்தால், ஏற்கெனவே இருக்கும் மலையும் மரமும் அசையாது.

இந்த `mix`-க்கு ஓர் எல்லையும் உண்டு. x, y இரண்டையும் பெருக்கி ஒரே 32-பிட் எண்ணாகக் கூட்டிவிடுவதால், ஓர் அடுக்கின் மூலை மதிப்புகள் சுமார் 70,000 கட்டங்களுக்குள் ஏதோ ஒரு திசையில் அப்படியே திரும்ப வந்தே தீரும். அடுக்குகளின் கட்ட அளவு வெவ்வேறு என்பதால் கண்ணுக்குப் படாது. ஆனாலும் லட்சக்கணக்கான டைல்கள் நடக்கவிடும் ஆட்டமென்றால், விதையோடு x-ஐ மட்டும் முதலில் குழைத்து, வந்த எண்ணை விதையாக வைத்து y-ஐக் குழையுங்கள்.

உயரம் கிடைத்த பின் 0.45-க்குக் கீழே கடல், 0.48 வரை மணல், 0.62-க்கு மேல் பாறை என்று பிரிக்கலாம். 0.9-க்கு மேல் பனிமலை என்று எழுதிவிட்டு, பனியே வரவில்லை என்று தேடுபவர்கள் உண்டு. பல மதிப்புகளின் சராசரி நடுவில்தான் குவியும். நான்கு அடுக்குகளும் ஒரே இடத்தில் உச்சத்தைத் தொடுவது மிக அரிது. ஆயிரக்கணக்கான டைல்களுக்கு மதிப்பை எடுத்து, எது எவ்வளவு வருகிறது என்று எண்ணிப் பார்த்த பிறகே எல்லைகளைக் குறியுங்கள்.

மதிப்பு நாய்ஸில் உச்சிகளும் பள்ளங்களும் எப்போதும் கட்டத்தின் மூலைகளிலேயே அமையும். கூர்ந்து பார்த்தால் சதுரச் சாயல் தெரியும். பெர்லின் நாய்ஸ் மூலையில் உயரத்துக்குப் பதில் சரிவின் திசையை வைக்கிறது. மூலைகளில் மதிப்பு சுழியம். மேடு பள்ளங்கள் கட்டத்துக்குள் பல இடங்களில் விழுகின்றன. மாற்ற விரும்பினால் `noise` சார்பை மட்டும் மாற்றினால் போதும். `mix` அப்படியே இருக்கலாம்.

மரமும் ஆறும்

நிலத்தைச் சங்க் சங்க்காகக் கட்டுவார்கள். மைன்கிராஃப்டில் ஒரு சங்க் 16-க்கு 16. உயரத்துக்கு இதனால் சிக்கல் இல்லை. ஒவ்வொரு டைலும் தனக்குத்தானே விடை சொல்லும். மரம் அப்படியல்ல. தண்டு ஒரு சங்க்கில் இருக்க, கிளை அடுத்த சங்க்குக்குள் நீளும். அந்தப் பக்கத்துச் சங்க் இன்னும் கட்டப்படவில்லை என்றால் கிளை வெட்டுப்படும், கட்டப்பட்டிருந்தால் ஒட்டும். எந்தச் சங்க் முதலில் திறந்தது என்பதைப் பொறுத்து மரத்தின் வடிவம் மாறினால், நாம் விரட்டிய வரிசை பின்வாசல் வழியே திரும்ப வந்துவிட்டது என்று பொருள்.

தீர்வு, பக்கத்துச் சங்க்கில் எழுதுவதை நிறுத்திவிட்டு அதைக் கேட்பது. மரக்குடையின் ஆரம் 2 டைல் என்றால், ஒரு சங்க்கைக் கட்டும்போது அதன் எல்லைக்கு வெளியேயும் 2 டைல் வரை ‘இங்கே தண்டு உண்டா?’ என்று கேளுங்கள். `rnd(மர விதை, x, y)` மதிப்பு 0.97-க்கு மேல் இருந்து, உயரமும் தகுந்ததாக இருந்தால் தண்டு உண்டு. அந்த மரத்தில் நம் சங்க்குக்குள் விழும் பகுதியை மட்டும் வரையுங்கள். பக்கத்துச் சங்க் கட்டப்படும்போது அதே கேள்விக்கு அதே விடை பெற்று மீதியை அது வரைந்துகொள்ளும். மரங்கள் நெருக்கியடிக்காமல் இருக்க, தன்னைச் சுற்றிய 5-க்கு 5 பரப்பில் தன் மதிப்பே பெரியதாக இருந்தால் மட்டும் அந்த இடத்தில் மரம் வைக்கலாம். ‘முதலில் வந்த மரம் இருக்கட்டும்’ என்ற தீர்ப்பு கூடாது. அது மறுபடி வரிசைதான்.

ஆறு இந்த முறைக்கு அடங்காது. ஆறு மலையில் பிறந்து பள்ளம் தேடிப் பல சங்க்குகள் கடந்து கடல் சேர வேண்டும். ஓரிடத்தில் நீர் உண்டா என்று சொல்ல மேலே உள்ள நிலம் முழுவதும் தெரிய வேண்டும். எல்லையற்ற உலகங்களில் ஆறு போலத் தெரிவது பெரும்பாலும் ஒரு தந்திரம்: தனி நாய்ஸ் ஒன்று 0.49-க்கும் 0.51-க்கும் இடையே இருக்கும் இடத்தில் நீர் ஊற்றுவார்கள். வளைந்து நெளிந்து அழகாக ஓடும். ஆனால் மேடேறும், வட்டமடித்துத் தன்னையே சேரும். உண்மையான ஆறு வேண்டுமென்றால், உலகத்துக்கு எல்லை வகுத்து, ஆட்டம் தொடங்கும் முன்பே முழு நிலத்தையும் கணக்கிட வேண்டும். ‘டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ செய்வது அதைத்தான். விதை அங்கும் உண்டு, காத்திருப்பும் உண்டு.

ஒன்றாகத்தான் இருக்கிறதா என்று அறிவது

கண்ணால் பார்த்து இரண்டு மேப்புகள் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. (-32, -32) முதல் (31, 31) வரையுள்ள டைல்களின் வகையை ஒரு டைலுக்கு ஒரு பைட்டாக அடுக்கி, `zlib.crc32` கொண்டு ஒரு சரிபார்ப்பு எண் எடுங்கள். அந்த எண்ணைச் சோதனைக் கோப்பில் எழுதி வையுங்கள். நிரலை மூடித் திறந்து மறுபடி எடுங்கள். பிறகு டைல்களைத் தலைகீழ் வரிசையில் கணக்கிட்டு, அதே இடங்களில் அடுக்கி எடுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். மூடித் திறந்ததும் மாறினால் `hash` போல ஏதோ நுழைந்திருக்கிறது. வரிசையை மாற்றியதும் மாறினால் எங்கோ ஒரு பொது `random` ஒளிந்திருக்கிறது. எதிர்மறைப் பக்கங்களைச் சேர்க்காமல் சோதிப்பவர்கள் முக்கால்வாசி உலகத்தைச் சோதிக்கவில்லை.

ஒரே கணினியில் மூன்றும் ஒத்துப்போய், வேறு கணினியில் மட்டும் வேறு எண் வந்தால், தசமக் கணக்கைப் பாருங்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் IEEE 754 நெறிப்படி இன்றைய கணினிகளில் பைத்தானில் ஒரே விடை தரும். `sin`, `pow` போன்றவை அப்படியல்ல. கடைசி இலக்கம் நூலகத்துக்கு நூலகம் மாறலாம். வரைகலை அட்டையில் ஓடும் நிரல்களில் `sin`-ஐ ஒரு பெரிய எண்ணால் பெருக்கிப் பின்னத்தை எடுத்து அதையே ஹேஷ் ஆக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தப் பெருக்கல் கடைசி இலக்க வேறுபாட்டை முதல் இலக்கத்துக்குக் கொண்டுவந்துவிடும். புகை, மேகம் வரைய அது போதும். இரண்டு பேர் ஒன்றாக நடக்க வேண்டிய நிலத்துக்கு ஆகாது. நம் `mix` முழு எண்களை மட்டுமே தொடுவதற்குக் காரணம் இதுதான். சி++ எழுதுபவர்களுக்கு ஒரு சொல்: `std::mt19937` எந்தக் கம்பைலரிலும் ஒரே எண்களைத் தரும் என்று நெறிமுறை உறுதி சொல்கிறது, அதை வாங்கிப் பகிர்ந்து தரும் `std::uniform_int_distribution`-க்கு அந்த உறுதி இல்லை.

கடைசியாக, நீங்களே உங்கள் உலகத்தை மாற்றும் நாள் வரும். கடல் மட்டத்தை 0.45-இலிருந்து 0.44 ஆக்கினாலே போதும். பழைய விதையில் கரையோரம் முழுக்க இடம் மாறும். மைன்கிராஃப்டில் இது பலமுறை நடந்திருக்கிறது. பழைய பதிப்பில் கட்டிய சங்க்கும் புதிய பதிப்பில் கட்டிய சங்க்கும் சந்திக்கும் இடத்தில் சுவர்போல நேர்செங்குத்தான பாறைகள் நின்றன. நிலத்தின் அமைப்பே மாறிய 1.18 பதிப்பு 2021-இல் வந்தபோது, பழைய சங்க்குகளின் ஓரத்தைப் புதிய நிலத்தோடு இழைத்துக் கலக்கும் நிரலையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

நமக்கு அவ்வளவு வேலை வேண்டாம். சேமிப்புக் கோப்பில் மூன்று விவரங்களை எழுதுங்கள்: விதை எண், அந்த உலகத்தை உருவாக்கிய நிரலின் பதிப்பு எண், ஆட்டக்காரர் கைவைத்து மாற்றிய டைல்கள். வெட்டிய மரமும் தோண்டிய குழியும் மட்டும் ஆயங்களோடு பதிவாகும். தொடாத நிலம் எதுவும் கோப்பில் இருக்காது. சங்க்கைத் திறக்கும்போது விதையிலிருந்து கட்டிவிட்டு, அதன் மேல் அந்த மாற்றங்களைப் போட வேண்டும். `height`-ஐத் திருத்த வேண்டியிருந்தால் அதன் மேலேயே திருத்தாமல் `height_v2` என்று புதிதாக எழுதி, பழையதை அப்படியே விட்டுவிடுங்கள். பதிப்பு எண் 1 என்று சொல்லும் கோப்பு பழையதை அழைக்கட்டும். ஆட்டக்காரர்கள் பகிர்ந்துகொள்ளும் விதையிலும் பதிப்பைச் சேர்த்து `1:103660416` என்று திரையில் காட்டுங்கள். பதிப்பைச் சொல்லாத விதை எண், பழைய ஆட்டத்தை வைத்திருப்பவருக்கும் புதியதை வைத்திருப்பவருக்கும் ஒரே நிலத்தைத் தராது.